குர்ஆன் தமிழாக்கத்தில் அடைப்புக்குறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பக்கம் தமிழ் தர்ஜுமாவை வைத்துக்கொண்டு குர்ஆன் படிப்பவர்கள் மொழிபெயர்ப்பிலும் சரிபார்ப்பிலும் இருக்கும் எங்களிடம் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. வசன எண்களில் முதலில் வருவது அத்தியாயம், அடுத்து வருவது வசனம்.

வசனத்துக்கு நடுவுல ( ) போட்டு எழுதியிருக்கீங்களே, அது குர்ஆன்ல இருக்கிறதா, நீங்க சேர்த்ததா?

நாங்கள் சேர்த்தது. அடைப்புக்குள் இருக்கும் சொல்லுக்கு நேரான சொல் அரபு மூலத்தில் கிடையாது. அடைப்புக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூலத்தில் ஒரு சொல்லையோ ஒரு விகுதியையோ காட்ட முடியும், காட்ட முடியவில்லை என்றால் அது எங்கள் பிழை. இந்தத் தமிழாக்கத்தில் அடைப்புக்குறிக்கு இது ஒன்றுதான் வேலை. கடினச் சொல்லுக்குப் பொருள் சொல்வது, அரபுச் சொல்லைப் பக்கத்தில் தருவது, பெயருக்குப் பின்னால் வாழ்த்தைச் சுருக்கிப் போடுவது எல்லாம் அடிக்குறிப்புக்கும் விளக்கவுரைக்கும் போய்விடும். ஒரே குறிக்கு நான்கு வேலை கொடுத்தால், எந்த அடைப்பு மொழிபெயர்ப்பாளரின் சேர்க்கை, எது வெறும் விளக்கம் என்று படிப்பவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகும்.

மூலத்துல இல்லாத சொல்லை ஏன் சேர்க்கணும்? உள்ளது உள்ளபடி போட்டா போதாதா?

பல வசனங்களுக்குப் போதும், அங்கெல்லாம் அடைப்பு இருக்காது. சில இடங்களில் உள்ளது உள்ளபடி போட்டால் தமிழில் வேறு சட்டமே வந்துவிடும். நோன்பு பற்றிய 2:184ஆம் வசனத்தின் ஒரு பகுதியைப் பாருங்கள். அரபில் இப்படி ஓதுகிறோம்: "ஃபமன் கான மின்கும் மரீளன் அவ் அலா ஸஃபரின் ஃபஇத்ததுன் மின் அய்யாமின் உகர்". சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் கிடைப்பது இது:

"உங்களில் எவர் நோயாளியாகவோ பயணத்திலோ இருக்கிறாரோ, வேறு நாட்களிலிருந்து ஓர் எண்ணிக்கை."

இதில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. முதலாவது, கடைசியில் வினை இல்லை. அந்த எண்ணிக்கையை என்ன செய்வது? நோன்பு நோற்க வேண்டும் என்பது முந்தைய வசனத்திலிருந்தே தெரிகிறது. ஆகவே "(நோற்க வேண்டும்)" என்று சேர்ப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. இரண்டாவது காலியிடம் கண்ணில் படாது. நோயாளியாக இருந்தார் என்பதற்கும் வேறு நாட்களில் நோற்க வேண்டும் என்பதற்கும் நடுவே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அவர் அன்று நோன்பை விட்டிருந்தால்தானே பிறகு நோற்க வேண்டும்? லேசான காய்ச்சலோடு நோன்பை முடித்தவரும், ஓசூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் நோன்போடு இருந்தவரும் இன்னொரு முறை நோற்க வேண்டுமா? படி விட்டுப்போன வாக்கியத்தைத் தமிழில் அப்படியே படித்தால் "ஆம்" என்றுதான் விடை வரும். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் இங்கே "நோன்பை விட்டிருந்தால்" என்ற படி உள்ளடங்கியிருக்கிறது என்கிறார்கள். எனவே எங்கள் தமிழாக்கம்:

"உங்களில் எவர் நோயாளியாகவோ பயணத்திலோ இருந்து (நோன்பை விட்டாரோ அவர்), வேறு நாட்களில் அந்த எண்ணிக்கையை (நோற்க வேண்டும்)."

ஹஜ் பற்றிய 2:196இலும் இதே அமைப்புதான். நோயாளியாகவோ தலையில் தொல்லை உள்ளவராகவோ இருப்பவர் மீது நோன்பு, தர்மம், பலி இவற்றில் ஒன்று பரிகாரம் என்று சொற்கள் இருக்கின்றன. அதை அப்படியே விட்டால் ஹஜ்ஜுக்குப் போய்த் தலைவலி வந்தவரெல்லாம் பரிகாரம் கொடுக்க வேண்டியதாகும். "(தலைமுடியை மழித்துக்கொண்டால்)" என்ற சேர்க்கை வந்ததும் சட்டம் அதன் இடத்தில் நிற்கிறது. அதே வசனத்தில் சற்று முன்னால்தான் தலையை மழிக்காதீர்கள் என்ற கட்டளை இருக்கிறது. சேர்த்த சொல் அங்கிருந்து எடுத்தது.

சேர்க்கைச் சொல் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு வசனங்களும் நல்ல அளவுகோல். அதே வசனத்தில் அல்லது ஒட்டிய வசனத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல்லாக இருந்தால் நம்பி எடுக்கலாம். வேறொரு நூலிலிருந்து கொண்டுவர வேண்டிய சொல் என்றால் அது அடிக்குறிப்புக்கு உரியது.

அப்படின்னா அடைப்புக்குள்ள இருக்கிறது ஒரு கருத்துதானே? அதுல வேற கருத்து இருக்க முடியுமா?

முடியும், இருக்கிறது. அடைப்பு போடுவதற்கே அதுதான் பெரிய காரணம். மேலே சொன்ன 2:184ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்தலூசியாவில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் சொல்லின் வெளிப்படையான பொருளை மட்டுமே ஏற்கும் ளாஹிரி வழியைச் சேர்ந்தவர். "விட்டிருந்தால்" என்ற சொல் வசனத்தில் இல்லையே, நாம் ஏன் நுழைக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. ஆகவே ரமலானில் பயணத்தில் இருப்பவர் நோன்பு வைத்தாலும் அது செல்லாது, வேறு நாட்களில்தான் நோற்க வேண்டும் என்றார். நான்கு மத்ஹபுகளும் அதை ஏற்கவில்லை. நாங்களும் அவர்கள் வழியில்தான் மொழிபெயர்த்திருக்கிறோம். ஆனால் அடைப்பு இல்லாமல் எழுதியிருந்தால், இப்னு ஹஸ்ம் குர்ஆனின் ஒரு சொல்லை மறுத்துவிட்டார் என்றே தமிழ் வாசகர் நினைப்பார். அவர் மறுத்தது குர்ஆனின் சொல்லை அல்ல, மற்றவர்கள் உள்ளடங்கியிருப்பதாகக் கொண்ட சொல்லை. இந்த வித்தியாசம் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

அதே வசனத்தின் அடுத்த வரி இன்னும் கடினமானது. "வஅலல்லதீன யுதீகூனஹு ஃபித்யதுன் தஆமு மிஸ்கீன்". 'யுதீகூனஹு' என்றால் அதற்குச் சக்தி உள்ளவர்கள் என்று பொருள். சக்தி உள்ளவர்கள் ஏன் ஏழைக்கு உணவளித்து ஈடுகட்ட வேண்டும்? இந்த இடத்தில் இரண்டு விளக்கங்கள் ஆரம்பக் காலத்திலேயே இருக்கின்றன, இரண்டும் புகாரியில் பதிவாகியிருக்கின்றன. தொடக்கத்தில் விரும்பியவர் நோற்கலாம், விரும்பியவர் விட்டுவிட்டு உணவளிக்கலாம் என்று இருந்தது, பின்னால் வந்த வசனம் அதை மாற்றிவிட்டது என்பது ஸலமா இப்னுல் அக்வஃ அறிவிப்பது. இது மாற்றப்படவில்லை, நோற்க இயலாத முதியவர்களைப் பற்றியது என்பது இப்னு அப்பாஸ் சொன்னது.

சில தமிழாக்கங்களில் இங்கே "சக்தி (இல்லாத)வர்கள்" என்றோ "(சிரமத்தோடு) சக்தி பெறுவோர்" என்றோ பார்த்திருப்பீர்கள். முதல் சேர்க்கை எங்களுக்கு ஏற்புடையதல்ல. அடைப்பில் போட்டாலும் அது வெளியே இருக்கும் சொல்லைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. வாக்கியத்தை நிரப்புவதுதான் அடைப்பின் வேலை. மூலம் சொல்வதற்கு நேர் எதிரானதைச் சொல்லவைக்கும் உரிமை அதற்கு இல்லை. இந்த வரியை நாங்கள் அடைப்பே இல்லாமல் "அதற்குச் சக்தி பெற்றிருப்போர் மீது ஓர் ஏழைக்கு உணவளிப்பது பரிகாரமாகும்" என்று விட்டு, இரண்டு விளக்கங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறோம். படிக்கும்போது அந்த இடத்தில் இடறும். இடறினால்தான் குறிப்பைப் பார்ப்பார்கள்.

ஒளு வசனத்துல கால் கழுவுறதை அடைப்புல போட்டிருக்கீங்க. அப்ப கால் கழுவணும்னு குர்ஆன்ல இல்லையா?

இருக்கிறது. எங்களுக்கு வரும் கேள்விகளில் அதிகம் கவலையோடு கேட்கப்படுவது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறோம். வசனம் 5:6.

அரபு வாக்கியத்தில் வினை முதலில் வரும், எதைச் செய்வது என்பது பின்னால் வரும். ஆகவே வரிசை இப்படி: கழுவுங்கள், முகங்களை, கைகளை முழங்கை வரை, தடவுங்கள், தலைகளை, அப்புறம் கால்களை, கணுக்கால் வரை. 'கால்கள்' என்ற சொல் 'தடவுங்கள்' என்பதற்கு அடுத்து வந்தாலும் அதன் இறுதி ஒலி 'கழுவுங்கள்' என்பதோடு அதைச் சேர்க்கிறது. காதால் கேட்டாலே பிடிபடும்: வுஜூஹகும், அய்தியகும், அர்ஜுலகும். முகமும் கையும் காலும் ஒரே உயிரொலியில், அகரத்தில் முடிகின்றன. தலை மட்டும் 'பிருஊஸிகும்' என்று இகரத்தில் நிற்கிறது. நம் ஊரில் அச்சாகிக் கிடைக்கும் முஸ்ஹஃபுகளில் உள்ள ஹஃப்ஸ் ஓதல்முறை இது.

தமிழில் வினை கடைசியில் வருகிறது, கால்களுக்கு எந்த வினை என்று காட்டும் அந்த ஒலி வித்தியாசமும் இல்லை. தலைக்கும் 'ஐ' உருபுதான், காலுக்கும் 'ஐ' உருபுதான். ஆகவே மூல வரிசையை அப்படியே பிடித்து "உங்கள் தலைகளையும், கணுக்கால்கள் வரை உங்கள் கால்களையும் தடவிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் காலைத் தடவினால் போதும் என்று ஆகிவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிதான் உண்டு. கால்களைத் தூக்கி முகம், கைகளோடு முன்னால் வைக்கலாம். அப்போது அடைப்பு தேவைப்படாது, ஆனால் தலைக்குப் பிறகு கால் என்ற மூல வரிசை அழிந்துவிடும், அந்த வரிசையை வைத்துச் சட்டம் சொல்லும் மத்ஹபும் இருக்கிறது. இன்னொரு வழி வரிசையைக் காப்பாற்றி வினையைத் திரும்பச் சொல்வது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம்:

"உங்கள் முகங்களையும், முழங்கைகள் வரை உங்கள் கைகளையும் கழுவிக்கொள்ளுங்கள், உங்கள் தலைகளைத் தடவிக்கொள்ளுங்கள், கணுக்கால்கள் வரை உங்கள் கால்களையும் (கழுவிக்கொள்ளுங்கள்)."

மூலத்தில் 'கழுவுங்கள்' ஒரு முறைதான் வருகிறது, தமிழில் இரண்டு முறை. இரண்டாவது முறை வந்தது அடைப்புக்குள் போனது. சட்டம் அடைப்பிலிருந்து வரவில்லை, அரபுச் சொல்லின் விகுதியிலிருந்து வருகிறது. அந்த விகுதியைத் தமிழால் தாங்க முடியவில்லை என்பதற்கான அடையாளம்தான் அடைப்பு.

'அர்ஜுலிகும்' என்று இகரத்தில் ஓதும் முறையும் ஏழு ஓதல்முறைகளில் உண்டு. இப்னு கஸீர், அபூ அம்ர், ஹம்ஸா ஆகியோரின் ஓதல் அப்படித்தான். ஷியா இமாமிகள் கால்களைத் தடவுவதே கடமை என்று கொள்வதற்கு அதையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது அடிக்குறிப்பில் இருக்கிறது.

ஆங்கிலத் தர்ஜுமாவுல அடைப்பு ஒரு இடத்துல இருக்கு, உங்களுதுல வேற இடத்துல இருக்கே?

ஒவ்வொரு மொழிக்கும் காலியாகத் தெரியும் இடம் வேறு, அதனால்தான். அரபில் "அல்லாஹுஸ் ஸமத்" என்று இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் நடுவே ஒரு வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில விவிலியத்தில் மூலத்தில் இல்லாத சொற்களைத் தடித்த கோதிக் எழுத்துகளுக்கு நடுவே சிறிய ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள், பிந்தைய பதிப்புகளில் அவை சாய்வெழுத்தாயின. அப்படிக் குறிக்கப்பட்டவற்றில் கணிசமானவை இந்த 'இருக்கிறது' வகைச் சொற்களே. தமிழுக்கு அது தேவையே இல்லை. "அவர் ஆசிரியர்", "அல்லாஹ் ஒருவன்" எல்லாம் நமக்கு முழு வாக்கியம், பெயரே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்கம் செய்பவர்கள் அங்கிருக்கும் அடைப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து "அல்லாஹ் ஒருவன் (ஆவான்)" என்று போடுவது வீண்.

இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு 12:82. யூஸுஃப் நபியின் சகோதரர்கள் ஊர் திரும்பித் தந்தையிடம் பேசுகிறார்கள்: "வஸ்அலில் கர்யதல்லதீ குன்னா ஃபீஹா". ஊரைக் கேளுங்கள் என்பதுதான் சொல். 'ஊர் மக்களை' என்று பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு அரபு இலக்கணத்தில் சான்று காட்டும்போது இந்த வசனத்தைத்தான் அடிக்கடி எடுப்பார்கள். ஆங்கிலத்திலும் உருதுவிலும் மக்கள் என்ற சொல்லைச் சேர்ப்பது வழக்கம். தமிழில் ஏன் சேர்க்க வேண்டும்? "பர்கூரே திரண்டு வந்துவிட்டது" என்கிறோம், "ஊரைக் கேட்டுப் பார், தெரியும்" என்கிறோம். தொல்காப்பியக் காலத்திலிருந்து ஆகுபெயர் என்று பெயர் சொல்லி இலக்கணத்தில் வைத்திருக்கும் வழக்கு இது. அங்கே "ஊர் (மக்களை)" என்று எழுதுவது தமிழ் வாசகருக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதாகும். ஆகவே எங்கள் வரி "நாங்கள் இருந்த ஊரைக் கேளுங்கள்" என்று அடைப்பில்லாமல் போகிறது.

'அவர்'னு மட்டும் போட்டா யாருன்னே தெரியலை. அடைப்புல பேரைப் போட்டுடலாமே?

யார் என்பதில் சந்தேகமே இல்லாத இடங்களில் போட்டிருக்கிறோம். நீங்கள் கேட்பது பெரும்பாலும் 12:42 பற்றியதாக இருக்கும், அங்கே வேண்டுமென்றேதான் போடவில்லை.

சிறையில் இருக்கும் யூஸுஃப் நபி, விடுதலையாகப் போகும் கைதியிடம், உம் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல்லும் என்கிறார். அடுத்த வரி: ஷைத்தான் அவருக்கு மறக்கடித்துவிட்டான். எவருக்கு? விடுதலையான கைதி, அரசரிடம் சொல்ல மறந்தார் என்பது ஒரு விளக்கம். யூஸுஃப் நபி, தம் இறைவனை நினைக்க மறந்து மனிதரிடம் உதவி கேட்டார் என்பது இன்னொரு விளக்கம். அரபில் 'ஹு' என்ற ஒரே விகுதி இரண்டு பேருக்கும் பொருந்தும், 'ரப்' என்ற சொல் எஜமானருக்கும் பொருந்தும், இறைவனுக்கும் பொருந்தும். முதல் விளக்கமே வலுவானது என்று நினைக்கிறோம். சிறிது பின்னால் 12:45இல், விடுதலையானவர் நெடுநாள் கழித்து நினைவுக்கு வந்து பேசுவதாக வருகிறது. ஆனாலும் "(யூஸுஃபுக்கு)" என்றோ "(கைதிக்கு)" என்றோ எழுதினால் மற்ற விளக்கத்தின் கதவை மூடியதாகும்.

இதில் தமிழில் மட்டும் இருக்கும் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். அடைப்பே போடாமலும் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும். நபியை 'அவர்' என்றும் கைதியை 'அவன்' என்றும் அத்தியாயம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தால், இந்த வரியில் "அவனுக்கு மறக்கடித்தான்" என்ற உடனே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சேர்த்த சொல் ஒன்றுகூட இல்லை, குறிக்க அடைப்பும் இல்லை, படிப்பவருக்குத் தடயமும் கிடைக்காது. அதனால் இந்தக் காட்சி முழுவதிலும் இரண்டு பேருக்கும் 'அவர்' என்றே எழுதினோம். 'நாங்கள்', 'நாம்' விஷயமும் இப்படித்தான். அரபில் இரண்டுக்கும் ஒரே வடிவம். 12:82இல் மகன்கள் தந்தையிடம் பேசுகிறார்கள், தந்தை அந்த ஊருக்குப் போகவில்லை, எனவே 'நாங்கள்'. அங்கே தேர்வு எளிது. எளிதாக இல்லாத இடங்களில் அடைப்பு உதவாது, அடிக்குறிப்புதான்.

அடைப்புக்குப் பதிலா சாய்வெழுத்துல போட்டா படிக்க சுலபமா இருக்குமே?

தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த சாய்வெழுத்து கிடையாது. கணினி நேர் எழுத்தையே சரித்துக் காட்டும். சிறிய அளவில் அச்சிட்டால் சாய்ந்ததா நேரா என்று வயதானவர்களுக்குத் தெரியாது. வண்ணம் மாற்றினால் நகல் எடுக்கும்போது போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சாய்வும் வண்ணமும் இரண்டுமே போய், சேர்த்த சொல் மூலச் சொல்லோடு கலந்துவிடும். அடைப்பு எங்கே ஒட்டினாலும் கூடவே வரும்.

எங்க ஜமாஅத் பாடத்துக்கு சின்ன சின்ன பகுதிகளைத் தமிழ்ல எழுதுறோம். அடைப்பை எப்படிப் போடுறதுங்க?

முதல் நகலை ஓர் அடைப்புகூட இல்லாமல் எழுதுங்கள், தமிழ் முரடாக இருந்தாலும் பரவாயில்லை. அதை அரபு தெரியாத, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உருதுவை வீட்டில் பேசுபவராக இல்லாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் உருதுவில் புழங்கும் அரபுச் சொற்களை வைத்து அவர் மனத்துக்குள்ளேயே நிரப்பிக்கொள்வார். அவர் நின்ற இடங்களையும், நிற்காமல் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களையும் குறியுங்கள். படித்து முடித்ததும் "இதன்படி யார் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் இரண்டாவது வகை வெளியே வரும். குறித்த இடங்களில் மட்டும் சேருங்கள், ஒன்று அல்லது இரண்டு சொல்லுக்குள் முடியப் பாருங்கள். ஐந்தாறு சொல்லைத் தாண்டினால் அது விளக்கவுரை, அடிக்குறிப்புக்கு அனுப்புங்கள்.

தமிழில் கை வழுக்கும் இடம் வேற்றுமை உருபு. "ஊர் (மக்களை)க் கேளுங்கள்" என்று எழுதினால் உருபு அடைப்புக்குள் மாட்டிக்கொள்கிறது. அடைப்பை எடுத்துப் பாருங்கள்: "ஊர்க் கேளுங்கள்". மூலத்தில் 'ஊரை' என்று தெளிவாக இருந்த சொல் உடைந்துபோயிற்று. மூலச் சொல்லின் உருபு எப்போதும் வெளியே இருக்க வேண்டும். ஒற்று விஷயத்தில் நாங்கள் பின்பற்றுவது: வெளியே இருக்கும் சொல், அடைப்பு இல்லாவிட்டால் அடுத்து வரும் சொல்லுக்கு ஏற்ப ஒற்று பெறும், அடைப்புக்குள் இருக்கும் கடைசிச் சொல்லுக்கு ஒற்று கிடையாது. இது இலக்கண விதியல்ல, ஒரு சீருக்காக வைத்துக்கொண்டது. வேறு வழக்கம் வைத்துக்கொண்டாலும் நூல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியில் எல்லா அடைப்புகளையும் நீக்கிவிட்டு ஒரு முறை படியுங்கள். கணினியில் சாதாரண உரைக்கோப்பாக வைத்திருந்தால் ஒரு வரிக் கட்டளை போதும். அடைப்பையும் அதற்கு முன்னால் உள்ள இடைவெளியையும் எடுத்துவிட்டுப் புதிய கோப்பில் எழுதும்:

```
sed 's/ *([^()]*)//g' vasanam.txt > adaippinri.txt
```

அடைப்பு ஒரே வரிக்குள் தொடங்கி முடிந்திருக்க வேண்டும். புதிய கோப்பில் தனி "(" அல்லது ")" மிஞ்சியிருந்தால் எங்கோ ஒரு பக்கம் மூடாமல் விட்டிருக்கிறீர்கள். அடைப்பு போன பிறகு வாக்கியம் குறையாக நிற்கலாம், ஒளு வசனத்தில் "கால்களையும்" என்று தொங்குவது போல. ஆனால் வேறு பொருள் தரும்படி நிற்கக் கூடாது. அந்த வசனத்தில் தலைக்கும் காலுக்கும் நடுவே காற்புள்ளியை விட்டுவிட்டு, அடைப்பையும் எடுத்துப் பாருங்கள்: காலும் தடவுவதோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுகிற இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை.

எங்க வீட்டு உருது தர்ஜுமாவுல அடைப்பே இல்லையே?

ஷா ரஃபீஉத்தீன் அவர்களின் பழைய தர்ஜுமாவாக இருக்கலாம். அது அரபுச் சொல்லின் கீழ் அதற்கான உருதுச் சொல்லை வைத்துப் போவது. சொற்கள் அரபு வரிசையிலேயே நிற்கும், வாக்கியமாகச் சேர்த்துக்கொடுப்பது ஹஜ்ரத்தின் வேலை. தனியாகப் படிப்பவருக்கு முழு வாக்கியம் தர நினைத்த பிற்கால உருது தர்ஜுமாக்கள் பலவற்றில் அடைப்பு உண்டு.

ஃபஜ்ருக்கு அப்புறம் தர்ஜுமாவை வாசிச்சுக் காட்டுறோம். அடைப்புல இருக்கிறதையும் சேர்த்து வாசிக்கலாமா?

சேர்த்தே வாசியுங்கள், விட்டால் வாக்கியம் புரியாது. கேட்பவருக்கு அடைப்பு கண்ணில் படாது என்பதால் அதற்கு முன்னும் பின்னும் சிறிது நிறுத்தி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வாசிப்பது வழக்கம். சட்டம் சொல்லும் வசனமாக இருந்தால் வாசித்து முடித்ததும் "இதில் இன்ன சொல் விளக்கத்துக்காகச் சேர்த்தது" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புச் செயலிகள், அமைப்பைப் பொறுத்து அடைப்பை ஒலிக்காமல் தாண்டிவிடலாம். அவர்களுக்குக் கோப்பு கொடுக்கும்போது நிறுத்தற்குறிகளை முழுவதும் வாசிக்கும் அமைப்பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அழகுக்காக அடைப்பை மட்டும் அழித்துவிட்டு உள்ளே இருக்கும் சொல்லை வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வசன எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், பெறுபவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.